அடுத்த பத்தாயிரம் ரூபாய் எங்கே செல்ல வேண்டும்?

தொழிலை விரிவுபடுத்த மிகைப்பற்று வசதி கோரும் சிறு நிறுவனங்களின் திட்ட அறிக்கைகளில் இந்நாளில் ஒரு கணக்கைக் காண முடிகிறது. "இணைய விளம்பரத்திற்கு மாதம் ஒரு லட்சம் ரூபாய் செலவிடுகிறோம். அதனால் 460 ஆர்டர்கள் வருகின்றன. ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு 217 ரூபாய்தான். சரக்கு, பொதி, கூரியர் செலவெல்லாம் போக ஓர் ஆர்டரில் 400 ரூபாய் மிஞ்சுகிறது. ஆகவே இன்னும் ஒரு லட்சம் கிடைத்தால் இன்னும் 460 ஆர்டர்கள் வரும், இலாபம் இரட்டிப்பாகும்." கூட்டலும் வகுத்தலும் பிழையற்றவை. ஆயினும் இந்தக் கணக்கை நம்பிக் கடன் வாங்குபவர் இழப்பையே சந்திப்பார். பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

மகாராட்டிரத்தின் சோலாப்பூர் பருத்திப் போர்வைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். புவிசார் குறியீடும் பெற்றவை அவ்வூர்ப் போர்வைகள். அங்கிருந்து போர்வைகளையும் துண்டுகளையும் நாடெங்கும் இணையவழி விற்கும் சிறு நிறுவனம் ஒன்றை மனத்தில் கொள்வோம். நிறுவனமும் எண்களும் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. எண்களின் போக்கு மட்டும் இத்தொழிலில் இருப்போர் நன்கு அறிந்தது. நிறுவனம் இரண்டு வழிகளில் விளம்பரம் செய்கிறது. ஒன்று கூகுள் தேடல் விளம்பரம்: போர்வை வேண்டுமெனத் தேடுபவரின் கண்ணில் படுவது. மற்றொன்று இன்ஸ்டாகிராம் விளம்பரம்: எதையும் தேடாமல் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் முன் வந்து நிற்பது. ஒரு லட்சத்தில் 60,000 ரூபாய் கூகுளுக்குச் செல்கிறது, 300 ஆர்டர்கள். மீதி 40,000 இன்ஸ்டாகிராமுக்கு, 160 ஆர்டர்கள்.

சராசரியைப் பார்த்தால் கூகுளில் ஓர் ஆர்டருக்கு 200 ரூபாய், இன்ஸ்டாகிராமில் 250 ரூபாய். உரிமையாளர் என்ன நினைப்பார்? மலிவான இடத்திற்குப் பணத்தை மாற்றுவோம் என்றுதான். 10,000 ரூபாயை இன்ஸ்டாகிராமிலிருந்து எடுத்துக் கூகுளுக்கு அளிக்கிறார். 200 ரூபாய் வீதம் 50 ஆர்டர்கள் கூடும், 250 ரூபாய் வீதம் 40 ஆர்டர்கள் குறையும், நிகரமாக 10 மிஞ்சும் என்பது அவர் எதிர்பார்ப்பு. மாத முடிவில் ஆர்டர்கள் 460 அல்ல, 440. கூடுவதற்கு மாறாக 20 குறைந்திருக்கின்றன.

காரணத்தை அறிய, ஒவ்வொரு தொகைக்கும் எத்தனை ஆர்டர்கள் கிடைக்கும் என்பதைக் கீழே தருகிறோம். நடைமுறையில் எந்த உரிமையாளர் கையிலும் இப்படி ஒரு முழு அட்டவணை இருப்பதில்லை. அதில் இரண்டு மூன்று புள்ளிகளே அவருக்குத் தெரியும். நாம் கற்பனையாக வைத்துக்கொண்டதால் முழுவதையும் காணும் வசதி நமக்கு இருக்கிறது.

| மாதச் செலவு (ரூ.) | கூகுள் ஆர்டர்கள் | இன்ஸ்டாகிராம் ஆர்டர்கள் |
|---|---|---|
| 20,000 | 155 | 85 |
| 30,000 | 210 | 125 |
| 40,000 | 250 | 160 |
| 50,000 | 280 | 190 |
| 60,000 | 300 | 215 |
| 70,000 | 315 | 235 |
| 80,000 | 325 | 250 |

கூகுள் நிரலில் மேலிருந்து கீழே இறங்குவோம். 20,000 ரூபாயிலிருந்து 30,000-க்குச் செல்லும்போது 55 ஆர்டர்கள் கூடுகின்றன. அடுத்த பத்தாயிரத்திற்கு 40. அதற்கடுத்து 30, 20, 15, 10. அளிக்கும் தொகை ஒன்றே. பெறுவது படிப்படியாகச் சுருங்குகிறது. இதைத்தான் பொருளியலார் குறைந்து செல் விளைவு விதி என்பர். ஒரே வயலில் மேன்மேலும் உழைப்பையும் உரத்தையும் இட்டால் ஒவ்வொரு கூடுதல் இடுபொருளும் முன்னதைவிடக் குறைந்த விளைச்சலையே தரும் என்பது 18, 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் நிலத்தை வைத்து விளக்கியது. 1817-இல் வெளியான டேவிட் ரிக்கார்டோவின் நூலில் நிலவாடகைக் கொள்கைக்கே அது அடிப்படை. விளம்பரமும் அவ்வகையில் ஒரு வயல்தான்.

இனி உரிமையாளர் செய்த மாற்றத்தை மீண்டும் நோக்குவோம். கூகுளில் அறுபதாயிரத்திலிருந்து எழுபதாயிரத்திற்குச் சென்றதால் வந்தவை 15 ஆர்டர்கள். அதாவது அந்தப் பத்தாயிரம் ரூபாயைப் பொறுத்தவரை ஓர் ஆர்டரின் விலை 200 ரூபாய் அல்ல, ஏறத்தாழ 667 ரூபாய். இன்ஸ்டாகிராமில் நாற்பதாயிரத்திலிருந்து முப்பதாயிரத்திற்கு இறங்கியதால் இழந்தவை 35 ஆர்டர்கள்; அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 286 ரூபாய்க்குக் கிடைத்துக்கொண்டிருந்தவை. கடைசியாகச் சேர்த்த தொகையால் வந்த ஆர்டருக்கு மட்டும் ஆகும் இந்தச் செலவே இறுதிநிலைச் செலவு. பணத்தை மாற்றுவதா வேண்டாமா என்ற வினாவுக்கு விடை தருவது இதுவே. சராசரி, ஏற்கெனவே செலவாகிவிட்ட பணத்தின் வரலாற்றைச் சொல்கிறது. அடுத்த ரூபாயைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

இதில் ஒரு வஞ்சகம் உண்டு. மாற்றத்திற்குப் பின்னும் சராசரியைப் பார்த்தால் கூகுளில் 222 ரூபாய், இன்ஸ்டாகிராமில் 240 ரூபாய். இன்னும் கூகுளே மலிவாகத் தோன்றுகிறது. ஆர்டர்கள் குறைந்ததற்குச் சந்தை மந்தம் என்று காரணம் கற்பித்துக்கொண்டு, உரிமையாளர் மேலும் பத்தாயிரத்தைக் கூகுளுக்கு மாற்றக்கூடும். அப்போது கூகுளில் 325, இன்ஸ்டாகிராமில் 85, மொத்தம் 410. சராசரிகள் 246, 235 என ஏறக்குறையச் சமமாகிவிட்டன. சமநிலை கண்டுவிட்டோம் என்ற நிறைவும் வந்துவிடும். விளம்பரச் செலவு போக மிஞ்சும் தொகையோ, தொடக்கத்தில் 84,000 ரூபாயாக இருந்தது 64,000 ரூபாயாகச் சுருங்கியிருக்கும்.

எதிர்த்திசையில் சென்றிருந்தால்? கூகுளிலிருந்து பத்தாயிரத்தை எடுத்தால் 20 ஆர்டர்கள் போகும். அதை இன்ஸ்டாகிராமில் இட்டால் 30 வரும். ஐம்பதுக்கு ஐம்பது என்ற அந்நிலையில் மொத்தம் 470 ஆர்டர்கள். மிஞ்சுவது 88,000 ரூபாய். மேலும் பத்தாயிரத்தை மாற்றினால் 30 போய் 25 வரும், மொத்தம் 465. ஆகவே நிற்க வேண்டிய இடம் ஐம்பது–ஐம்பது. அவ்விடத்தில் இரு வழிகளிலும் கடைசிப் பத்தாயிரம் ரூபாய் 30 ஆர்டர்களைத் தந்திருக்கிறது. இறுதிநிலைச் செலவு இரண்டிலும் ஏறத்தாழ 333 ரூபாய். சராசரிகளோ 179 என்றும் 263 என்றும் வெகுதூரம் விலகியே நிற்கின்றன. சரியான பங்கீட்டில் சமமாக வேண்டியவை இறுதிநிலைச் செலவுகள். சராசரிகள் சமமாக வேண்டிய தேவையே இல்லை.

இன்னொன்றையும் கவனிக்கலாம். 60–40, 50–50, 40–60 என்ற மூன்று பங்கீடுகளுக்கும் ஆர்டர்கள் 460, 470, 465. உச்சியின் அருகே நிலம் ஏறத்தாழச் சமதளம். ஆயிரம் ரூபாய்த் துல்லியத்திற்காக ஒவ்வொரு வாரமும் பங்கீட்டை மாற்றிக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. பெரும் இழப்பு, சராசரியைப் பின்பற்றித் தவறான திசையில் நெடுந்தூரம் சென்றுவிடுவதில்தான் இருக்கிறது.

விளைவு ஏன் இப்படிக் குறைகிறது? இரு வழிகளிலும் காரணம் வேறு வேறு. அதனால்தான் குறையும் வேகமும் வேறுபடுகிறது.

கூகுள் தேடலில் முதல் வரம்பு தேடுவோரின் எண்ணிக்கை. "சோலாப்பூர் போர்வை" என்றே தேடுபவர் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார். ஆனால் அத்தகையோர் ஒரு மாதத்தில் இத்தனை பேர்தான். அவர்களை எட்டிய பிறகு, "போர்வை", "படுக்கை விரிப்பு" என்று பொதுவாகத் தேடுவோரிடம் செல்ல வேண்டும். அவர்களுள் பலருக்கு வேறு ஏதோ தேவை. இரண்டாவது காரணம் பலர் கண்ணில் படுவதில்லை. தேடல் விளம்பரம் ஏலத்தில் விற்கப்படுவது. ஒரு சொடுக்குக்குச் சராசரியாக 8 ரூபாய் அளித்து 1,000 சொடுக்குகள் பெறுகிறோம் என்க, செலவு 8,000. கேட்புத்தொகையை உயர்த்தி மேலிடத்தைப் பிடிக்கிறோம். இப்போது 1,200 சொடுக்குகள், சராசரி 10 ரூபாய், செலவு 12,000. திரையில் தெரிவது 8 ரூபாய் 10 ஆனது மட்டுமே. ஆனால் கூடுதலாகக் கிடைத்தவை 200 சொடுக்குகள். கூடுதல் செலவு 4,000 ரூபாய். புதிய சொடுக்கு ஒன்றின் உண்மை விலை 20 ரூபாய். முன்னரே 8 ரூபாய்க்கு வந்துகொண்டிருந்த ஆயிரம் சொடுக்குகளுக்கும் சேர்த்து நாமே விலையை ஏற்றிவிட்டோம் என்பதே இதன் பொருள்.

எந்நிலையில் இருக்கிறோம் என்பதைக் கூகுள் விளம்பரக் கணக்கிலேயே ஓரளவு அறியலாம். Search lost IS எனத் தொடங்கும் இரண்டு நிரல்களை அங்கே சேர்த்துக்கொள்ள இயலும். அவற்றுள் ஒன்று budget பற்றியது: ஒதுக்கிய தொகை தீர்ந்துபோனதால் எத்தனை விழுக்காட்டு வாய்ப்புகளில் நம் விளம்பரம் தோன்றவில்லை என்பதைக் காட்டும். மற்றது rank பற்றியது: ஏலத்தில் நம் நிலை தாழ்ந்திருந்ததால் இழந்தவற்றைக் காட்டும். முதலாவது பெரிதாக இருந்தால், அதே விலையில் இன்னும் சொடுக்குகள் கிடைக்கக்கூடும்; தொகையைக் கூட்டுவதில் பொருள் உண்டு. இரண்டாவது மட்டுமே பெரிதாக இருந்தால், மேலும் வாங்குவதற்கு விளம்பரத்தின் தரத்தை உயர்த்த வேண்டும். இல்லையேல் மேலே கண்டவாறு எல்லாச் சொடுக்குகளுக்கும் விலையை ஏற்ற வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் தேடுவோர் எண்ணிக்கை என்ற வரம்பு இல்லை. ஆகையால் சரிவு மெதுவாக இருப்பதாக நம் அட்டவணையில் வைத்தோம். அங்கே முதலில் வாங்கக்கூடியவர் எனக் கணிக்கப்படுவோருக்கு விளம்பரம் காட்டப்படுகிறது. தொகை கூடக்கூட, ஆர்வம் குறைந்தோரையும் அது சென்றடைகிறது. இல்லையேல் பார்த்தவர்களுக்கே மறுபடி மறுபடி தோன்றுகிறது. Frequency என்ற நிரல் ஒருவர் சராசரியாக எத்தனை முறை பார்த்தார் என்பதைத் தெரிவிக்கும். செலவு ஏறும்போது இந்த எண் மட்டும் ஏறி, பார்த்தோர் எண்ணிக்கை அப்படியே நின்றால், புதிய பணம் பழைய கண்களுக்கே செலவாகிறது என்று கொள்ளலாம். புதிய படம், புதிய காணொளி சில வேளைகளில் இதற்கு மருந்தாகும்.

இனி கடினமான பகுதிக்கு வருவோம்: இறுதிநிலைச் செலவை அளப்பது எப்படி? இரு நிறுவனங்களும் தரும் அறிக்கைகளை அப்படியே எடுத்துக்கொள்வது பொருந்தாது. இன்ஸ்டாகிராமில் போர்வையைக் கண்ட ஒருவர், மறுநாள் கூகுளில் கடையின் பெயரைத் தேடி, அங்குள்ள விளம்பரத்தைச் சொடுக்கி வாங்குகிறார். கூகுள் அதைத் தன் கணக்கில் எழுதும். இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான மெட்டாவின் வழக்கமான அமைப்பில், சொடுக்கிய ஏழு நாளுக்குள்ளோ பார்த்த ஒரு நாளுக்குள்ளோ நிகழும் விற்பனை அதன் கணக்கிலும் ஏறும். ஒரே ஆர்டர், இரண்டு உரிமைகோரல்கள். இரு அறிக்கைகளையும் கூட்டிப் பார்த்து, நம் ஆர்டர் புத்தகத்தின் மொத்தத்தோடு ஒப்பிட்டால் இது உடனே வெளிப்படும். மேலும் இந்த வாடிக்கையாளரைப் பொறுத்தவரை, இன்ஸ்டாகிராமைக் குறைத்தால் கூகுளின் ஆர்டரும் குறையும். எனவே ஒரு வழியின் செலவை மாற்றும்போது அந்த வழியின் அறிக்கையைப் பாராமல், நிறுவனத்தின் மொத்த ஆர்டர்கள் எவ்வளவு மாறின என்பதையே பார்க்க வேண்டும்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஒரு வழியின் செலவை அப்படியே வைத்து, மற்றொன்றை மட்டும் மாற்றுதல். நான்கு வாரம் விடுதல். மாற்றியவுடன் விளம்பர அமைப்பு புதிதாகக் கற்றுக்கொள்ளும் முதல் சில நாட்களைக் கணக்கில் சேர்க்காதிருத்தல். மாற்றும் அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. மாதம் 460 ஆர்டர்கள் வரும் கடையில், எதையுமே மாற்றாவிட்டாலும் தற்செயலாக இருபது ஆர்டர்கள் கூடுவதும் குறைவதும் இயல்பு. எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும் என்பது புள்ளியியலின் எளிய மதிப்பீடு. 460-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 21. நாம் தேடும் வேறுபாடு பத்தோ இருபதோ என்றால் அது இந்த இரைச்சலில் மூழ்கிவிடும். இருபதாயிரம் ரூபாயை மாற்றி, விளைவை இரண்டு மாதம் நோக்கினால்தான் ஓரளவு நம்பத்தக்க விடை கிடைக்கும். நாடெங்கும் விற்போருக்கு இன்னொரு வழி உண்டு: விற்பனையில் ஒத்துச் செல்லும் இரண்டு மாநிலங்களைத் தெரிந்து, ஒன்றில் மட்டும் செலவைக் குறைத்து, இரண்டையும் ஒரே காலத்தில் ஒப்பிடுதல். பண்டிகை, சம்பள நாள், மழை ஆகியவற்றின் தாக்கம் பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றாக இருக்குமாதலால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

மிகச் சிறு தொகையை வைத்து ஒரு வழியை மதிப்பிடுவதும் தவறே. இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாயில் தொடங்கிய விளம்பரம் யாருக்குக் காட்டினால் பயன் என்பதைக் கற்பதற்குள் பணம் தீர்ந்துவிடும். அந்தத் தொடக்கப் பகுதியில் விளைவு குறைந்து செல்வதற்கு மாறாக ஏறிச் செல்வதும் உண்டு. குறைந்து செல் விதி அதைக் கடந்த பின்னரே தொழிற்படுகிறது.

ஆர்டர் என்பதையும் நாம் இதுவரை எளிதாக எடுத்துக்கொண்டோம். பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் முறையில் விற்போர் அறிவர்: ஆர்டர்கள் அனைத்தும் விற்பனை ஆவதில்லை, பொதி வாசல்வரை சென்று திரும்புவது உண்டு. இன்ஸ்டாகிராமில் ஐம்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரத்திற்கு ஏறினால் 25 ஆர்டர்கள் கூடும். தலைக்கு 400 ரூபாய். ஓர் ஆர்டரில் மிஞ்சுவதும் 400 என்பதால் இலாபமும் இல்லை, இழப்பும் இல்லை. ஆனால் அந்த 25-இல் ஐந்து திரும்பி வந்தால், பணம் வந்த ஆர்டர் 20. ஒன்றுக்கு ஆன செலவு 500. போக வரக் கூரியர் கட்டணம் வேறு. ஆர்வம் குறைந்தோரை எட்டும் கடைசிப் பணத்தில் திரும்பும் பொதிகளும் மிகக்கூடும். ஆகவே இக்கணக்கில் எண்ணத்தக்கவை பணம் கைக்கு வந்த ஆர்டர்களே.

இப்போது திட்ட அறிக்கையிலிருந்த அந்த இரண்டாவது லட்சத்திற்குத் திரும்பலாம். பங்கீட்டை ஐம்பது–ஐம்பது எனத் திருத்திய பின், அடுத்த பத்தாயிரத்தை இடத்தக்க மிக நல்ல இடம் இன்ஸ்டாகிராம். அங்கே ஓர் ஆர்டர் 400 ரூபாய், அதாவது வரவுக்கும் செலவுக்கும் சரி. அதற்கடுத்த பத்தாயிரம் கூகுளில் இட்டாலும் இன்ஸ்டாகிராமில் இட்டாலும் 20 ஆர்டர்களையே தரும். ஓர் ஆர்டர் 500 ரூபாய், ஒவ்வொன்றிலும் 100 ரூபாய் இழப்பு. அப்பால் இழப்பு வளர்ந்துகொண்டே போகும். மொத்தத்தின் சராசரியோ நெடுந்தூரம்வரை 400-க்குள்ளேயே இருந்து, எல்லாம் நலம் என்று காட்டிக்கொண்டிருக்கும். மிகைப்பற்றின் வட்டியைச் சேர்க்காமலே இந்நிலை. இந்நிறுவனம் கடன் வாங்கி விளம்பரத்தைப் பெருக்குவதற்கு இடமில்லை. ஏற்கெனவே செலவிடும் ஒரு லட்சத்தைத் திருத்திப் பங்கிட்டாலே மாதம் 4,000 ரூபாய் கூடுதலாக மிஞ்சும்.

இவ்வரம்பு நிலையானதும் அன்று. ஓர் ஆர்டரில் மிஞ்சும் தொகை 400-இலிருந்து 550 ஆனால், மேலும் இருபது முப்பதாயிரம் ரூபாய் இடுவதற்கு வழி பிறக்கும். ஒரு போர்வையோடு இரண்டு துண்டுகளைச் சேர்த்து விற்பது, கூரியர் கட்டணத்தைக் குறைப்பது, வாங்கியவரையே விளம்பரமின்றி மறுமுறை வாங்கச் செய்வது ஆகியன அத்தொகையை உயர்த்தும். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் அட்டவணை முழுவதுமே மாறிவிடும். தேடுவோர் பெருகுவதால் அதே தொகைக்கு ஆர்டர்கள் கூடலாம். போட்டியாளர்களும் கேட்புத்தொகையை உயர்த்துவதால் சொடுக்கின் விலையும் ஏறும். இரண்டில் எது மிகும் என்பதைச் சூன் மாத எண்களைக் கொண்டு சொல்ல இயலாது. பண்டிகைக் காலத்திற்கென்று குறுகியகாலக் கடன் கேட்போர், சென்ற ஆண்டு அதே வாரங்களில் செலவை உயர்த்தியபோது மொத்த ஆர்டர்கள் எவ்வளவு உயர்ந்தன, அவற்றுள் எத்தனைக்குப் பணம் வந்தது என்ற இரு எண்களையும் தம் ஆர்டர் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டு கிளைக்கு வருவது நலம்.